கோயில் வலப்பக்கம் என்றது மேப், வலப்பக்கம் நடந்தால் கோயிலையே காணோம் (மதுரை)

கார்த்தி_வேளச்சேரி

போன வாரம் மதுரை போயிருந்தேன். ராத்திரி ரயில், காலை ஆறரை மணிக்கு வெளியே வந்து போனைப் பார்த்தால் நோ சர்வீஸ். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. மேற்குக் கோபுர வாசலில் அத்தை ஏழு மணிக்குக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார், அவரையும் கூப்பிட முடியாது.

காம்பவுண்டு ஓரமாக ஊர் மேப் போட்ட ஒரு போர்டு இருந்தது. சரி, அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தானே போயிருப்பார்கள் என்று அதன் முன்னால் நின்று நன்றாகவே பார்த்தேன். மேப்பில் ரயில் நிலையம் இடது ஓரம், நடுவில் கோயில், அதாவது நிலையத்துக்கு வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் நேராக ஒரு ரோடு. எளிதுதானே என்று போர்டைப் பார்த்து நின்றபடியே வலப்பக்கம் திரும்பி நடையைக் கட்டினேன். பத்து நிமிடம் நடந்திருப்பேன். கோபுரமும் இல்லை, பூக்கடையும் இல்லை, ஒரு கடை போர்டில் வடக்கு வெளி வீதி என்று போட்டிருந்தது. கடைசியில் ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டு அவரே கொண்டுபோய் விட்டார், அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

என் கேள்வி இதுதான். மேப்பைத் தப்பாக வரைந்திருக்கிறார்களா, நான் தப்பாகப் படித்தேனா? வீட்டுக்கு வந்து கூகுளில் பார்த்தால் போர்டில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. அதுதான் குழப்பமே.

பஸ்_பிரியன்

மாட்டுத்தாவணியில் இறங்கியிருந்தால் பெரியாருக்கு டவுன் பஸ் வந்துகொண்டே இருக்குமே, ஏன் நடந்தீர்கள்? ஆரப்பாளையத்தில் இறங்கினாலும் பஸ் உண்டு.

கார்த்தி_வேளச்சேரி

நான் இறங்கியது ரயிலில் அண்ணா. பஸ் கேள்வியே இல்லை, மேப் கேள்வி.

சிம்மக்கல்_பாண்டி

அண்ணே நம்ம ஏரியாவுக்குத்தான் வந்திருக்கீங்க, ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம் :)

விஷயம் சுலபம். எந்த மேப்பானாலும் மேலே வடக்கு, கீழே தெற்கு, வலது கிழக்கு. கோயில் மேப்பில் வலப்பக்கம் என்றால் நிலையத்துக்குக் கிழக்கே. அது உண்மைதான். மேப்பில் தப்பே இல்லை. நீங்கள் மேப்பை வடக்கு பார்த்து நின்று படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்த்தி_வேளச்சேரி

போர்டு எந்தப் பக்கம் நட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தானே படிக்க முடியும்? வடக்கு பார்த்து நின்றால் எனக்குப் போர்டே தெரியாதே.

சங்கிலிக்காரர்

தம்பி நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் சர்வே வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கிலி இழுத்து நிலம் அளந்து ஓய்வு பெற்றவன், பேரே அதனால்தான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். போர்டைப் பார்த்து நின்றபோது ரயில் நிலையக் கட்டடம் உங்களுக்கு முன்னால் இருந்ததா, முதுகுக்குப் பின்னாலா?

கார்த்தி_வேளச்சேரி

முன்னால்தான். போர்டுக்குப் பின்பக்கம் காம்பவுண்டு, அதற்கும் பின்னால் நிலையம். ரோடு எனக்குப் பின்னால், வண்டிச் சத்தம் முதுகில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சங்கிலிக்காரர்

அவ்வளவுதான், விடை வந்துவிட்டது. மதுரை நிலையம் ஊருக்கு மேற்கே, மேல வெளி வீதியை ஒட்டி இருக்கிறது. நிலையத்தைப் பார்த்து நின்றீர்கள் என்றால் மேற்கு பார்த்து நின்றீர்கள். மேற்கு பார்த்து நிற்பவனுக்கு வலது கை வடக்கு. மேப்பில் வலது கை கிழக்கு. நீங்கள் மேப்பின் வலதை உங்கள் வலதாக எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டீர்கள். கோயில் உங்கள் முதுகுக்குப் பின்னால், வண்டிச் சத்தம் வந்த அதே பக்கம், டவுன் ஹால் ரோட்டின் அந்தக் கோடியில் இருந்தது. ரோட்டைக் கடந்து நேரே போயிருந்தால் போதும்.

தரையில் விரித்த மேப்பில் இந்தத் தப்பு வராது, அதை நாம் சுற்றி வைத்துக்கொள்ளலாம். சுவரில் அறைந்த மேப்பைச் சுற்ற முடியாது. அப்போது மனசு என்ன செய்யும் என்றால், மேப்பின் மேல்புறத்தைத் தனக்கு எதிரே இருக்கும் பக்கம் என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. போர்டு வடக்குச் சுவரில் இருந்தால் அது பொருந்திவிடும், நாமும் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுவோம். தெற்குச் சுவரில் இருந்தால் நேர் எதிர்த்திசைக்குப் போவோம். உங்கள் போர்டு மேற்கே இருந்தது, அதனால் கால் வட்டம் பிசகிவிட்டது. பாண்டி தம்பி சொன்னது பாதி சரி: அந்த மேப்பில் மேலே வடக்கு. ஆனால் எந்த மேப்பிலும் அப்படித்தான் என்று இல்லை, அதைப் பிறகு பேசுவோம்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், தப்பான வழி என்று தெரிந்துகொள்ள உங்களிடம் இரண்டு சாட்சி இருந்தது, இரண்டையும் கேட்கவில்லை. மேப்பில் நிலையத்தை விட்டு விலகிப் போகிற ரோடு அல்லவா பார்த்தீர்கள்? நீங்கள் நடந்த ரோட்டில் ரயில்வே காம்பவுண்டு இடது கைப்பக்கம் கூடவே வந்திருக்குமே. விலகிப் போகிறவனுக்குச் சுவர் கூடவே வராது. இரண்டாவது சூரியன். காலை ஆறரை, ஏழு மணிக்குக் கிழக்கே கோயிலுக்குப் போகிறவனுக்கு வெயில் முகத்தில் அடிக்க வேண்டும். உங்களுக்கு வலது கன்னத்தில் அடித்திருக்கும்.

கார்த்தி_வேளச்சேரி

ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன், வலப்பக்கம் கண் கூசுகிறது என்று தோளில் இருந்த பையை அந்தப் பக்கம் மாற்றினேன். அப்போதுகூட மண்டையில் ஏறவில்லை.

சிம்மக்கல்_பாண்டி

ஐயா சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. இங்கே யாரும் இடது வலது சொல்லமாட்டார்கள், "கிழக்க போயி தெக்க திரும்புங்க" என்றுதான் சொல்வார்கள். சென்னைக்காரர்களுக்குத்தான் லெஃப்ட் ரைட்டு.

கார்த்தி_வேளச்சேரி

அதுவும் ஒரு கொடுமை. ஒரு பூக்காரம்மா எனக்கு அப்படித்தான் வழி சொன்னார், தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன், எது தெற்கு என்று கேட்க வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. அத்தை போனில் முதல் நாளே "மேல சித்திரை வீதி வாசலுக்கு வந்துவிடு" என்று சொல்லியிருந்தார். நான் போர்டில் மேல வீதி என்றதும் மேப்பின் மேல்பக்கம் தேடினேன். அங்கே வடக்குச் சித்திரை வீதி என்று இருந்தது. அதுவும் சேர்ந்துதான் வடக்குப் பக்கம் போகச் சொல்லியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சங்கிலிக்காரர்

சிரிக்க ஒன்றும் இல்லை, இது நல்ல கேள்வி. தமிழில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. நம் நாட்டு நில அமைப்பு அப்படி: மேற்கே மலை, கிழக்கே கடல், தண்ணீர் மேலே இருந்து கீழே வருகிறது. வைகையும் அப்படித்தான் ஓடுகிறது. பள்ளிக்கூட மேப்பில் வடக்கை மேலே வைத்ததும் மேல வீதி இடது பக்கத்துக்கும் கீழ வீதி வலது பக்கத்துக்கும் போய்விட்டது. வீதிப் பெயரில் மேல, கீழ என்று இருந்தால் அதை மேற்கு, கிழக்கு என்று மனசுக்குள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், மேப்பில் மேலே கீழே தேடாதீர்கள்.

இந்தப் பெயர்களே மதுரையில் ஒரு பெரிய வசதி, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கோயிலைச் சுற்றி வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாக இருக்கின்றன. மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே வந்ததும் சித்திரை, அதற்கு வெளியே ஆவணி மூலம், அதற்கும் வெளியே மாசி, கடைசியில் வெளி வீதி. பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வந்ததுதான் வெளி வீதி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்து வேலை. நடுவில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று வருவது அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர். ஆகவே ஒரு கடை போர்டில் "மேல மாசி வீதி" என்று படித்தீர்கள் என்றால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்: கோயிலுக்கு மேற்கே இருக்கிறீர்கள், கோயிலுக்கு இன்னும் ஆவணி மூலமும் சித்திரையும் பாக்கி. நிலையத்தில் இருந்து கிழக்கே நடந்தால் வரிசையாக மேலப் பெருமாள் மேஸ்திரி, மேல மாசி, மேல ஆவணி மூலம், மேல சித்திரை. பெயர் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். நீங்கள் பார்த்த கடை போர்டு "வடக்கு வெளி வீதி". அதாவது கோயிலுக்கு வடக்கே, அதுவும் கடைசி வளையத்தில். வெளி வீதியில் கிளம்பி இன்னும் வெளி வீதியிலேயே இருந்தால் ஓர் அங்குலம்கூட உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

ஒசாகா_வாசுகி

நான் ஜப்பானில் பத்து வருடமாக இருக்கிறேன், இங்கே நேர்மாறான அனுபவம் எனக்கு. இங்குள்ள ரயில் நிலையங்களில் வெளியே வரும் வாசலுக்குப் பக்கத்தில் சுற்றுவட்டார மேப் இருக்கும். பல இடங்களில் மேலே வடக்கு இருக்காது. நீங்கள் போர்டைப் பார்த்து நிற்கும்போது எதிரே என்ன திசையோ அதுதான் மேலே. கார்த்தி தம்பி செய்ததைச் செய்தால், அதாவது மேப்பில் வலது என்றால் வலது கைப்பக்கம் நடந்தால், சரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வந்த புதிதில் எனக்கு அதுவே வில்லங்கம் ஆகிவிட்டது. மேலே வடக்கு என்று ஊறிப்போன மண்டை. ஒரே நடைபாதையில் எதிரெதிர்ச் சுவரில் இரண்டு போர்டு, ஒன்றில் ஆறு மேலே, இன்னொன்றில் அதே ஆறு கீழே. யாரோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி, அது வடக்கைக் காட்டும், அது பாட்டுக்குப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அதைப் பார்க்கும் பழக்கம் வர எனக்கு ஒரு வருடம் ஆனது.

சங்கிலிக்காரர்

அம்மா, இதைத்தான் பாண்டி தம்பிக்குச் சொல்ல நினைத்தேன், நீங்கள் அனுபவத்திலேயே சொல்லிவிட்டீர்கள். இன்னொரு வேடிக்கை, அந்த முறைப்படி கார்த்தி பார்த்த இடத்தில் போர்டு வைத்தால் மேற்கு மேலே வரும். மேல வீதி மேலே, கீழ வீதி கீழே. தமிழுக்குச் சரியாகப் பொருந்தியிருக்கும்!

நிலா_வரைகலை

நான் இந்த மாதிரி வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் நடுவில் புகுந்துவிட்டேன். கார்த்தி செய்த தப்பு புதிதில்லை. 1980-களிலேயே மார்வின் லெவின் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" போர்டு எதிரே இருக்கும் பக்கத்தோடு பொருந்தாமல் மாட்டப்பட்டால் ஜனங்கள் நம்பிக்கையோடு தப்பான பக்கம் போவார்கள் என்று. லண்டனில் 2007-இல் தொடங்கிய நடைவழிப் பலகைகளும் வாசுகி அக்கா சொல்கிற மாதிரிதான், பார்க்கும் பக்கம் மேலே. அதில் ஐந்து நிமிட நடை தூரத்துக்கு ஒரு வட்டமும் போட்டிருப்பார்கள்.

அதனால் நம் ஊரிலும் அப்படித்தான் போட வேண்டும் என்பது என் கட்சி.

சங்கிலிக்காரர்

அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. போர்டு நட்ட இடத்திலேயே இருக்கும் என்று நம்புகிறீர்கள். நம் ஊரில் ரோடு போடும்போது பிடுங்குவார்கள், முடிந்ததும் எதிர்ப்பக்கம் நடுவார்கள். வடக்கு மேலே இருக்கும் போர்டை எங்கே நட்டாலும் அது பொய் சொல்லாது, படிப்பவன்தான் கஷ்டப்படுவான். உங்கள் போர்டை எதிர்ப்பக்கம் நட்டால் போர்டே பொய் சொல்லும்.

நிலா_வரைகலை

பொய் சொல்லாத போர்டைப் படித்துத்தானே ஐயா அவர் அத்தையிடம் திட்டு வாங்கினார்?

தஞ்சாவூர்_மீனா

சண்டையில் நானும் ஒரு கல் எறிகிறேன். பேர் சொல்ல வேண்டாம், ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு வாசலிலும் ஒரே மேப்பை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஒரே மேப் என்றால் சிவப்புப் புள்ளியும் ஒரே இடத்தில். நான் இரண்டாவது வாசலில் நின்று முதல் வாசலில் இருப்பதாக நினைத்து, மாமியாரையும் இழுத்துக்கொண்டு அரை ஊரைச் சுற்றினேன். வடக்கு மேலேயா எதிரே மேலேயா என்பதெல்லாம் அப்புறம், முதலில் புள்ளி சரியான இடத்தில் இருக்க வேண்டும் இல்லையா?

சங்கிலிக்காரர்

ரொம்பச் சரி. புள்ளியையும் நம்பக் கூடாது, சரிபார்க்க வேண்டும். புள்ளிக்குப் பக்கத்தில் மேப்பில் என்ன இருக்கிறது? தண்ணீர்த் தொட்டி, தபால் ஆபீஸ், முச்சந்தி, ஏதாவது இரண்டு இருக்கும். தலையைத் திருப்பிப் பார்த்தால் அந்த இரண்டும் அதே பக்கங்களில் தெரிய வேண்டும். ஒன்று பொருந்தி இன்னொன்று பொருந்தாவிட்டால் நீங்கள் அங்கே இல்லை.

கார்த்தி_வேளச்சேரி

நான் பார்த்த போர்டில் புள்ளியே இல்லை, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் போய் வெள்ளையாக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்ந்து தகரம் தெரிந்தது.

சங்கிலிக்காரர்

அதுதான் புள்ளி! வருகிறவன் போகிறவன் எல்லாம் "நாம இங்க இருக்கோம்" என்று விரலை வைத்து வைத்துத் தேய்ந்தது. பழைய போர்டில் புள்ளி தெரியாவிட்டால் எது அதிகம் தேய்ந்திருக்கிறதோ அதைப் பாருங்கள்.

பஸ்_பிரியன்

இவ்வளவு எதற்கு, ஒரு ஆஃப்லைன் மேப் ஆப் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் சிக்னல் இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது, ஆகவே நீல நிறப் புள்ளி வராது, நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

நிலா_வரைகலை

இல்லையே, ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளில் இருந்து வருவது, சிம்முக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஏரோபிளேன் மோடில்கூட வரும். நெட் இருந்தால் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலைப் போன் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் வானத்தில் இருந்தே வாங்க வேண்டும், அதனால் முதல் தடவை ஓரிரு நிமிடம் இழுக்கும். பிளாட்பாரக் கூரைக்கு அடியில் நிற்காமல் திறந்த வெளிக்கு வந்து நிற்க வேண்டும். புள்ளி வருவதும் மேப் வருவதும் வேறு வேறு. முன்கூட்டியே ஊரை இறக்கி வைக்காவிட்டால் வெறும் சாம்பல் கட்டத்தின் மேல் நீலப் புள்ளி நிற்கும்.

பஸ்_பிரியன்

அப்படியா, இத்தனை நாள் தெரியாது. எனக்கு வந்ததெல்லாம் சாம்பல் கட்டம்தான், அதனால் ஜிபிஎஸ் இல்லை என்றே நினைத்தேன்.

கார்த்தி_வேளச்சேரி

போனில் திசைகாட்டி இருக்கிறது, அதைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடித்திருக்கலாமோ?

சங்கிலிக்காரர்

பார்க்கலாம், ஆனால் போர்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். இரும்புச் சட்டம், இரும்புக் கம்பி வேலி, பக்கத்தில் நிற்கும் பஸ் எல்லாம் ஊசியை இழுக்கும். ஒரு பதினைந்து அடி தள்ளி வந்து பாருங்கள், இரண்டு இடத்தில் பார்த்து ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம். என்னைக் கேட்டால் அதைவிட ரயில் பாதை நம்பகமானது, அது நகராது.

நான் செய்வதைச் சொல்கிறேன். போர்டை ஒரு போட்டோ, புள்ளி இருக்கும் இடத்தைக் கிட்டே போய் இன்னொரு போட்டோ. கண்ணாடி போட்ட போர்டில் நேரே நின்று எடுத்தால் உங்கள் முகமும் வானமும்தான் விழும், கொஞ்சம் சாய்வாக நின்று எடுங்கள். அப்புறம் போனில் படம் தானாகச் சுழல்வதை நிறுத்திவிட வேண்டும், இதை மறந்தால் எல்லாம் வீண், போனைத் திருப்பத் திருப்ப அதுவும் திரும்பி நம்மை ஏமாற்றும். போனைத் தட்டு மாதிரி உள்ளங்கையில் படுக்க வைத்து, படத்தில் இருக்கும் ரயில் பாதை நிஜ ரயில் பாதையோடு ஒரே நேராக வரும்வரை, புள்ளிக்கு எந்தப் பக்கம் பாதை இருக்கிறதோ அந்தப் பக்கமே நிஜத்திலும் வரும்வரை போனைச் சுற்றுங்கள். எழுத்து தலைகீழாக இருந்தால் இருக்கட்டும். இப்போது படத்தில் கோயில் எந்தப் பக்கமோ நிஜத்திலும் அந்தப் பக்கம். தரையில் விரித்த மேப் மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் முழு வழியையும் மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் ரோட்டின் பெயர், எத்தனை குறுக்கு வீதி தாண்ட வேண்டும், அப்புறம் எது வரவே கூடாது. இந்த மூன்று போதும். உங்கள் விஷயத்தில் டவுன் ஹால் ரோடு, நான்காவதாக வருவது மேல சித்திரை, வைகை ஆறோ வடக்கு என்ற பெயரோ வந்தால் தப்பு. இந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தப்பு எங்கே தெரியும் என்று கிளம்பும் முன்னரே முடிவு செய்யாவிட்டால், நடந்துகொண்டே இருப்போம், அடுத்த திருப்பத்தில் வந்துவிடும் வந்துவிடும் என்று.

சிம்மக்கல்_பாண்டி

எங்க ஊர் ஆளுங்ககிட்ட கேட்டாலே போதும், இவ்வளவு எதற்கு.

தஞ்சாவூர்_மீனா

கேட்கலாம், ஆனால் "கோயிலுக்கு இப்படித்தானே போகணும்?" என்று கை நீட்டிக் கேட்டால் பாதிப் பேர் தலையை ஆட்டிவிடுவார்கள். "கோயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டு அவர்களையே கை நீட்ட விட வேண்டும். என் மாமியார் கண்டுபிடித்தது, அன்று அரை ஊர் சுற்றிய பிறகு.

கார்த்தி_வேளச்சேரி

எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம் இருக்கிறது. அன்று சாயந்திரம் சிம் இன்னும் சரியாகவில்லை, கோயிலில் இருந்து திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்து போனோம். கோயில் பக்கம் இருந்த மேப் போர்டை அத்தையின் போனில் கிளம்பும் முன்னரே போட்டோ எடுத்து வைத்திருந்தேன் (காலையில் பட்ட பாடு). படத்தில் கோயில் நான்கு விரல் அகலம், கோயில் மதிலில் இருந்து மகால் ஆறு விரல் தள்ளி. கோயிலின் ஒரு பக்கம் நடக்க மூன்று நிமிடம் ஆனது, ஆகவே மகாலுக்கு ஐந்து நிமிடம் என்று அத்தையிடம் வீராப்பாகச் சொன்னேன். நடந்தது கால் மணி நேரத்துக்கு மேல். அத்தைக்கு மூட்டு வலி வேறு. இந்தத் தடவை திசை சரி, ஆனால் தூரம் ஏன் தப்பியது?

நிலா_வரைகலை

கோயிலை நான்கு கோபுரத்தோடு படமாக வரைந்திருந்தார்களா?

கார்த்தி_வேளச்சேரி

ஆமாம், பொற்றாமரைக் குளமெல்லாம் தெரிகிற மாதிரி அழகாக.

நிலா_வரைகலை

அதுதான். சுற்றுலா மேப்பில் முக்கியமானதைப் பெரிதாக வரைவோம், அது எங்கள் பழக்கம். கோயில் ஊதிப்போனதும் அதைச் சுற்றி இருப்பதெல்லாம் கிட்டே வந்த மாதிரி தெரியும். அளவுகோல் கோடு இல்லாத மேப்பில் கோயிலை அளவாக வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சங்கிலிக்காரர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோயில் மதில் ஒரு பக்கம் ஏறக்குறைய 800 அடி, கிட்டத்தட்ட 250 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடை என்று வைத்தால் மூன்று நிமிடம், நீங்கள் நடந்தது சரிதான். நான்கு விரல் 250 மீட்டர் என்றால் ஆறு விரல் 375 மீட்டர், ஐந்து நிமிடம். கணக்கிலும் தப்பில்லை. ஆனால் மகால் நிஜத்தில் நடக்கிற வழியில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

அளவை மாற்றிப் பாருங்கள். அதே படத்தில் ரயில் நிலையத்தில் இருந்து கோயில் மதிலுக்கு எத்தனை விரல்?

கார்த்தி_வேளச்சேரி

இப்போதுதான் வைத்துப் பார்த்தேன். அதுவும் ஆறு, ஆறரை விரல். மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது அந்த வழி நடந்தோம், பன்னிரண்டு நிமிடம்.

சங்கிலிக்காரர்

பார்த்தீர்களா. படம் வரைந்த கோயிலை அளவாக வைக்காமல் தெருவில் நடந்த தூரத்தை அளவாக வைத்திருந்தால் மகாலுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வந்திருக்கும். விளக்குத்தூண் பக்கம் வளைவு, கூட்டம், அத்தையின் மூட்டு எல்லாம் சேர்த்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது ஆச்சரியமே இல்லை. அளவுகோல் இல்லாத மேப்பில் முதலில் நடந்த தூரம்தான் நம் அளவுகோல், மணியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் உத்தரவாதம் இல்லை, அந்த மாதிரி மேப்பில் ஒரு மூலை நீண்டும் இன்னொரு மூலை சுருங்கியும் இருக்கலாம். ஐந்து நிமிடம் என்று சொல்லி அத்தையைக் கிளப்புவதற்குப் பதில் ஆட்டோ பிடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது போதும்.

ஒசாகா_வாசுகி

இங்கே வீட்டு விளம்பரங்களில் நிலையத்தில் இருந்து எத்தனை நிமிடம் என்று போடுவார்கள், அதற்கும் நிமிடத்துக்கு 80 மீட்டர்தான் கணக்கு. சிக்னலில் நிற்பதும் மேடு ஏறுவதும் அதில் சேராது, அதனால் நான் எப்போதும் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. சூரியன், ரயில் பாதை என்று சொன்னீர்கள். இங்கே நான் மேப் பார்ப்பது பெரும்பாலும் தரைக்கு அடியில், ராத்திரியில். வெளியே எதுவும் தெரியாது. அங்கே எதோடு பொருத்திப் பார்ப்பது?

சங்கிலிக்காரர்

அம்மா, தரைக்கு அடியில் எனக்கு அனுபவம் இல்லை, சங்கிலி இழுத்ததெல்லாம் வெயிலில்தான். பிளாட்பாரம் எந்தப் பக்கம் நீண்டு போகிறதோ அதை வைத்து முயற்சி செய்வேன் என்று நினைக்கிறேன், ரயில் பாதை மாதிரியே. ஆனால் படி ஏறி இரண்டு தடவை திரும்பினால் எனக்கும் தலை சுற்றிவிடும்.

நிலா_வரைகலை

அதற்குத்தான் எதிரே இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும் என்கிறேன் :)

சங்கிலிக்காரர்

தரைக்கு அடியில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வடக்குதான்.

சிம்மக்கல்_பாண்டி

கார்த்தி அண்ணே, அந்த ஆட்டோக்காரர் எவ்வளவு வாங்கினார்?

கார்த்தி_வேளச்சேரி

அதை மட்டும் கேட்காதீர்கள். அத்தைக்கே இன்னும் சொல்லவில்லை.